ஆடிக் கூழும் தீச்சட்டியும் வேப்பிலையும்: வெள்ளி மாலை முதல் ஞாயிறு இரவு வரை

ஆடி மாதம் பெரும்பாலும் ஜூலை 17-ஆம் நாளையொட்டித் தொடங்கி ஆகஸ்ட் நடுப்பகுதி வரை நடப்பதால், அதற்குள் நான்கு அல்லது ஐந்து ஞாயிற்றுக்கிழமைகள் வரும். வட தமிழ்நாட்டுக் கிராமங்கள் அந்த ஞாயிறுகளைத் தமக்குள் பங்கிட்டுக்கொள்கின்றன. பக்கத்து ஊரில் இரண்டாம் ஞாயிறு கூழ் வார்த்தால் நம் ஊரில் மூன்றாம் ஞாயிறு வார்ப்போம். பெண் கொடுத்த ஊரிலும் பெண் எடுத்த ஊரிலும் ஒரே நாளில் திருவிழா வந்தால் உறவுக்காரர்கள் எங்கே போவார்கள்? இந்தக் கட்டுரை செய்யாற்றுப் பக்கத்து ஊர் ஒன்றில், ஏறத்தாழ நூறு பேருக்குக் கூழ் வார்த்து, மாலையில் தீச்சட்டி எடுக்கும் ஒரு தெருக்கோயிலின் முறையை எடுத்துக்கொள்கிறது. மற்ற ஊர்களில் வரிசை சற்று மாறலாம். ஆனால் கூழ் புளிப்பதற்கு ஆகும் நேரமும் மண்சட்டி சூடேறும் விதமும் எல்லா ஊருக்கும் ஒன்றுதான்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். இந்தத் திருவிழாவை ஞாயிற்றுக்கிழமையிலிருந்து முன்னோக்கித் திட்டமிடக் கூடாது. பின்னோக்கிக் கணக்கிட வேண்டும். ஞாயிறு நண்பகலில் அம்மன் முன் ஊற்றப்படும் கூழ் சனிக்கிழமை மாலை காய்ச்சப்பட்டிருக்க வேண்டும்; அதற்கான மாவு வெள்ளிக்கிழமை மாலையே கரைக்கப்பட்டிருக்க வேண்டும்; அந்த மாவுக்கான கேழ்வரகு புதன்கிழமைக்குள் கழுவி, காயவைத்து, அரைத்து முடிந்திருக்க வேண்டும். பந்தலும் ஒலிபெருக்கியும் ஒரு நாள் தாமதமானாலும் சமாளித்துவிடலாம். வெள்ளி மாலை தவறினால் கூழை மட்டும் யாராலும் மீட்க முடியாது.

கூழும் வேப்பிலையும் ஏன்

எங்கள் பக்கத்தில் இதற்குச் சொல்லப்படும் கதை ரேணுகாதேவியின் கதை. கணவர் சமதக்கினி முனிவர் கொல்லப்பட்டதும் அவள் தீயில் இறங்கினாள். மழை பெய்து தீ அவிந்தது. உடலெல்லாம் கொப்புளங்களோடு வெளியே வந்தவள் வேப்பிலையைப் பறித்து உடலை மூடிக்கொண்டு, பசியோடு ஊருக்குள் நடந்தாள். ஊர்மக்கள் பச்சரிசி மாவும் வெல்லமும் இளநீரும் கொடுத்து அவள் பசியைத் தணித்தார்கள். திருவண்ணாமலை மாவட்டத்துப் படவேடு ரேணுகாம்பாள் கோயில் இந்தக் கதையோடு ஒட்டியே வணங்கப்படுகிறது. திருவிழாவின் மூன்று பொருள்களும் இந்தக் கதைக்குள் இருக்கின்றன: வெந்த உடலுக்கு வேப்பிலை, வெந்த வயிற்றுக்குக் கூழ், அவள் கடந்துவந்த தீயைக் கையில் ஏந்த ஒரு சட்டி. அதனால்தான் அன்று செய்வது எல்லாமே குளிர்விப்பதை நோக்கிச் செல்கின்றன. தீச்சட்டியின் தணல் கூட இறுதியில் பாலும் மஞ்சள் நீரும் ஊற்றிக் குளிர்விக்கப்படுகிறது.

காப்பு

முந்தைய ஞாயிறு மாலை காப்புக் கட்டப்படும். மஞ்சளில் தோய்த்த நூலில் ஒரு விரலி மஞ்சளையும் இளம் வேப்பங்கொழுந்தையும் முடிந்து, முதலில் அம்மனுக்கும், பிறகு பூசாரிக்கும், பிறகு கரகமோ தீச்சட்டியோ எடுக்கப்போகிறவர்களுக்கும் மணிக்கட்டில் கட்டுவார்கள். காப்புக் கட்டியவர் அந்த எட்டு நாளும் ஊர் எல்லையைத் தாண்டி இரவு தங்குவதில்லை; புலால் உண்பதில்லை; ஒரு வேளை உணவோடும் தரையில் பாய்ப் படுக்கையோடும் இருப்பார். வெளியூர் வேலைக்குச் சென்று வருகிறவர்களால் இன்று இதை முழுமையாகக் காக்க முடிவதில்லை. அப்படிப்பட்டவர் சனிக்கிழமை காலை காப்புக் கட்டிக்கொள்ள எங்கள் ஊரில் பெரியவர்கள் இசைகிறார்கள். எட்டு நாள் காப்பைக் கட்டிக்கொண்டு பாதியில் அறுப்பதைவிட இரண்டு நாள் காப்பைக் குறைவின்றிக் காப்பதே சரி என்பதுதான் என் கருத்தும்.

வெள்ளி மாலை: மாவு கரைத்தல்

நூறு பேருக்கு ஆளுக்கு ஒரு டம்ளர், அதாவது கால் லிட்டர் வீதம் 25 லிட்டர் கூழ் வேண்டும். இதற்கு 2 கிலோ கேழ்வரகு மாவும் 1 கிலோ அரிசி நொய்யும் போதும். முதன்முறையாகப் பொறுப்பெடுப்பவர்கள் இந்த அளவை நம்பாமல் இரட்டிப்பாக்கிவிட்டு, மறுநாள் மிச்சத்தை மாட்டுத்தொட்டியில் ஊற்றுவதை நான் பலமுறை கண்டிருக்கிறேன். கேழ்வரகு மாவு தண்ணீரை எவ்வளவு இழுக்கும் என்பது காய்ச்சும்போதுதான் தெரியும்.

வெள்ளி மாலை ஆறு மணியளவில் 2 கிலோ மாவை 4 லிட்டர் தண்ணீரில் கட்டியில்லாமல் கரைத்து, மண்பானையிலோ எவர்சில்வர் பாத்திரத்திலோ ஊற்றி, வாயை மெல்லிய துணியால் கட்டி வைக்க வேண்டும். ஈயம் பூசாத பித்தளைப் பாத்திரத்தில் புளித்த மாவை வைக்கவே கூடாது. புளிப்பு பித்தளையைத் தின்று களிம்பேறும், அது வயிற்றைப் புரட்டும். பானையில் பாதிக்கு மேல் இடம் இருப்பதும் நல்லது, ஏனென்றால் ஆடி வெப்பத்தில் மாவு பொங்கி வழியும்.

சனிக்கிழமை மாலை பானையைத் திறந்தால் மேலே தெளிந்த நீர் ஒரு விரல் உயரத்துக்கு நிற்கும். அடியில் மாவு படிந்திருக்கும். கரண்டியை விட்டுக் கிளறினால் சிறு சிறு குமிழிகள் எழும். மோர் புளித்தது போன்ற மணம் வரும். இதுதான் பதம். மழை விட்டுவிட்டுப் பெய்து காற்று குளிர்ந்திருந்தால் குமிழி எழாமல் பச்சை மாவு மணமே இருக்கும். அப்போது முந்தைய நாள் புளித்த மோர் ஒரு கரண்டி ஊற்றிக் கலக்கி, அடுப்பின் ஓரமாக இரண்டு மூன்று மணி நேரம் வைத்தால் தேறிவிடும். மேலே இளஞ்சிவப்பாகவோ கறுப்பாகவோ ஏடு படிந்திருந்தாலும், புளிப்பு மணத்துக்குப் பதில் அழுகல் நாற்றம் வந்தாலும், அந்த மாவை மேலோட்டமாக வழித்துவிட்டுப் பயன்படுத்தலாம் என்று எண்ணக் கூடாது. அதை முழுவதும் கொட்டிவிட்டு, புளிக்காத புது மாவிலேயே காய்ச்சி, புளிப்பைத் தயிரில் சேர்த்துக்கொள்வதுதான் வழி. சுவை குறையும், யாருக்கும் நோய் வராது.

சனி மாலை: காய்ச்சுதல்

பெரிய அண்டாவில் 6 லிட்டர் தண்ணீரைக் கொதிக்கவைத்து, கழுவி அரைமணி ஊறவைத்த நொய்யைப் போட்டு, விரலால் நசுக்கினால் மாவாகும் அளவுக்கு வேகவிட வேண்டும். நொய் வேகுமுன் கேழ்வரகை ஊற்றினால் பிறகு எவ்வளவு நேரம் கிளறினாலும் நொய் பல்லில் கடிபடும். நொய் வெந்த பிறகு தீயைத் தணித்து, புளித்த மாவை மெல்லிய தாரையாக ஒருவர் ஊற்ற, இன்னொருவர் நீளமான துடுப்பால் அடிவரை துழாவிக்கொண்டே இருக்க வேண்டும். ஒரேயடியாகக் கொட்டினால் மாவு கட்டியாகி, வெளியே வெந்தும் உள்ளே பச்சையாகவும் நிற்கும். பக்கத்து அடுப்பில் 3 லிட்டர் வெந்நீர் தயாராக இருந்தால், கூழ் இறுகும்போது சிறிது சிறிதாகச் சேர்க்கலாம். பச்சைத்தண்ணீரை இடையில் ஊற்றக் கூடாது.

முப்பது நாற்பது நிமிடம் கிளறிய பிறகு நிறம் மாறத் தொடங்கும். வெளிறிய மண்ணிறமாக இருந்தது கருஞ்சிவப்பாகிப் பளபளக்கும். கொதி 'பொளக், பொளக்' என்று கனமாக வரும். எங்கள் தெருவில் கூழ் காய்ச்சும் பெரியம்மா ஒருவர் இந்தக் கட்டத்தில் கையைத் தண்ணீரில் நனைத்து, கூழின் மேல்பரப்பை ஒரே கணம் தொட்டு எடுப்பார். விரலில் ஒட்டினால், "இன்னும் பச்சையா இருக்குதும்மா, துடுப்பை நிறுத்தாதே" என்பார். ஒட்டாவிட்டால் உடனே விறகை இழுத்துவிடுவார். இதைவிட நம்பத்தக்க சோதனையை நான் அறியேன். கை பழகாதவர்கள் நனைத்த கரண்டியின் பின்புறத்தால் இதே சோதனையைச் செய்துகொள்ளலாம்.

இறக்கிய கூழை அகன்ற பாத்திரங்களில் ஊற்றி ஆவி அடங்கும்வரை திறந்தே வைத்து, பிறகு துணியால் மூட வேண்டும். சூட்டோடு தட்டு போட்டு மூடினால் ஆவி நீராகச் சொட்டி, காலையில் மேற்பரப்பு நீர்த்து, இழைவிட்டுக் கெட்டிருக்கும். இரவோடு இரவாகச் செய்ய வேண்டிய இன்னொரு வேலையும் உண்டு. பெரும்பாலோர் மறப்பதும் இதைத்தான். மறுநாள் கூழைக் கரைக்க ஏறக்குறைய 8 லிட்டர் தண்ணீர் வேண்டும். கூழ் நன்றாக வெந்திருந்தாலும் கரைக்கும் தண்ணீர் வேகாதது. ஒரு தெருவே கூழ் குடித்து மறுநாள் வயிற்றுப்போக்கில் படுத்தால் பழி கூழின் மேல் விழும். குற்றம் பெரும்பாலும் தண்ணீருடையது. ஆகவே அந்தத் தண்ணீரைச் சனி இரவே கொதிக்கவைத்து, ஆறவைத்து, மூடி வைக்க வேண்டும்.

ஞாயிறு நண்பகல்: வார்த்தல்

காலையில் ஆற்றங்கரையிலோ குளக்கரையிலோ கரகம் சோடித்து, பம்பையும் உடுக்கையும் முழங்க, பம்பைக்காரர் அம்மனை வர்ணித்துப் பாட, கரகம் தெருவலம் வந்து கோயிலை அடையும். அதே நேரத்தில் கூழ் கரைக்கப்படுகிறது. இறுகிய கூழைக் கையால் உடைத்து, ஆறிய தண்ணீரில் கட்டியில்லாமல் கரைத்து, 2 லிட்டர் தயிரைக் கடைந்து ஊற்றி, சுமார் 150 கிராம் உப்பைப் பகுதி பகுதியாகச் சேர்த்துச் சுவை பார்க்க வேண்டும். அம்மனுக்கு வார்க்குமுன் வாயில் வைத்துப் பார்ப்பது முறையல்ல என்பதால், படைக்கும் கூழை முதலில் தனிப் பானையில் எடுத்துவைத்துவிட்டு மீதியில் உப்புப் பார்ப்பார்கள். தயிரை வார்ப்பதற்குச் சற்று முன்புதான் ஊற்ற வேண்டும். காலையிலேயே ஊற்றினால் நண்பகலுக்குள் புளிப்பு நாக்கைச் சுண்டும். ஒரு கிலோ சின்ன வெங்காயத்தைப் பொடியாக நறுக்கிக் கடைசியில் தூவலாம்.

பல ஊர்களில் ஒவ்வொரு வீட்டாரும் கழுத்தில் வேப்பிலை கட்டிய குடத்தில் தங்கள் கூழைக் கொண்டுவந்து கோயில் வாசலில் உள்ள ஒரே கொப்பரையில் ஊற்றுவார்கள். வீட்டுக்கு வீடு வேறுபடும் புளிப்பும் உப்பும் அங்கே கலந்து ஒன்றாகிவிடும். அந்தக் கூழின் சுவை எந்த வீட்டிலும் தனியாகக் கிடைப்பதில்லை. ஆனால் கெட்டுப்போன ஒரு குடமும் அதே போல எல்லாவற்றோடும் கலந்துவிடும் என்பதால், கொப்பரையருகே அனுபவமுள்ள ஒரு பெண்மணி நின்று, ஒவ்வொரு குடத்தையும் முகர்ந்து பார்த்த பிறகே ஊற்றச் சொல்ல வேண்டும். இதை வெளிப்படையாகச் செய்தால் சிலருக்கு மனவருத்தம் வரும். குடத்துக்குக் குங்குமம் வைக்கும் பொறுப்பையும் அவரிடமே கொடுத்துவிட்டால், குனிந்து பொட்டு வைக்கும்போதே மணம் தெரிந்துவிடும்.

அம்மனுக்குப் புது மண்கலயத்தில் கூழும், முருங்கைக்கீரைப் பொரியலும், பச்சை வெங்காயமும், வழக்கமுள்ள ஊரில் கருவாட்டுக் குழம்பும் படைத்துத் தீபாராதனை காட்டிய பிறகு, வரிசையில் நிற்கும் எல்லோருக்கும் சாதி, தெரு, வெளியூர் என்ற வேறுபாடின்றி வார்க்க வேண்டும். சொம்பு கொண்டுவந்தவருக்குச் சொம்பில், வெறுங்கையோடு வந்தவருக்கு டம்ளரில். வெயிலில் நிற்கும் கூழை மூன்று மணிக்குமேல் வைத்திருக்கக் கூடாது.

வேப்பிலை

வேப்பிலை மூன்று வேலைக்கு வேண்டும். மூன்றுக்கும் ஒரே இலை உதவாது. காப்புக்கும் கரகத்துக்கும் இளங்கொழுந்து. தோரணத்துக்கும், நேர்ந்துகொண்டவர்கள் உடுத்தும் வேப்பஞ்சேலைக்கும் நீண்டு வளைந்த நடுத்தரக் கிளைகள். தீச்சட்டிக்கு அடியில் வைக்கும் மெத்தைக்குத் தடித்த, முற்றிய, கரும்பச்சை இலை. அதில்தான் ஈரம் நிற்கும். கோயில் மரத்தை மொட்டையடிக்காமல் நான்கைந்து மரங்களில் பகிர்ந்து ஒடிக்க வேண்டும்.

திருவள்ளூர் மாவட்டத்துப் பெரியபாளையம் பவானியம்மன் கோயிலில் வேப்பஞ்சேலை உடுத்தி வலம் வரும் நேர்த்திக்கடனை ஆடியில் ஏராளமாகக் காணலாம். அம்மை கண்ட வீட்டின் வாசலில் வேப்பிலை செருகி, நோயாளியை வேப்பிலை மேல் படுக்கவைத்து, இறங்கியபின் வேப்பிலையும் மஞ்சளும் கலந்த நீரைத் தலைக்கு ஊற்றிய வழக்கத்தின் நீட்சியே அது. பெரியம்மை உலகிலிருந்து ஒழிந்துவிட்டதாக 1980-இல் உலக சுகாதார நிறுவனம் அறிவித்துவிட்டது. சின்னம்மையும் தட்டம்மையும் இன்னும் வருகின்றன. அப்போது வாசல் வேப்பிலையோடு மருத்துவரையும் பார்க்க வேண்டும்.

வேப்பஞ்சேலையைத் தனியாக உடுத்துவதில்லை. பருத்தி ஆடையின் மேல் இடுப்பில் ஒரு கயிறு கட்டி, கிளைகளின் அடி மேலாகவும் நுனி கீழாகவும் இருக்கும்படி, ஒன்றன்மேல் ஒன்று படியச் செருக வேண்டும். முன்னதாகக் கிளைகளை நீரில் அலசி உதறாவிட்டால் எறும்புகள் உடலெல்லாம் ஏறும். மிக முக்கியமாக, வேப்பஞ்சேலை வலம் காலையிலேயே முடிந்துவிட வேண்டும். மாலைக்குள் அந்த இலைகள் வாடிச் சருகாகியிருக்கும். தீச்சட்டிப் பொறி ஒன்று பட்டால் போதும். இரண்டு நேர்த்திக்கடனும் ஒருவருக்கே இருந்தால் இடையில் ஆடை மாற்றித் தலைக்குக் குளித்த பிறகுதான் சட்டியைத் தொட வேண்டும்.

ஞாயிறு மாலை: தீச்சட்டி

சட்டியின் தேர்வு திருவிழாவுக்கு ஒரு வாரம் முன்பே தொடங்குகிறது. குயவரிடம் 'அக்கினிச்சட்டி' என்று கேட்டால் சமையல் சட்டியைவிட அடி தடித்த, வாய் அகன்ற சட்டியைத் தருவார். விரல் கணுவால் தட்டினால் 'கணீர்' என ஒலிக்க வேண்டும். 'பொத்' என்று மந்தமாக ஒலித்தால் கண்ணுக்குத் தெரியாத கீறல் இருக்கிறது. வாங்கிய சட்டியை நான்கைந்து நாள் வெயிலில் காயவைக்க வேண்டும். கழுவி உடனே பயன்படுத்தக் கூடாது. எங்கள் வீட்டில் ஓராண்டு சனி இரவு சட்டியைக் கழுவிக் கவிழ்த்து வைத்துவிட்டோம். மழைக்காற்றில் அது உலரவில்லை. ஞாயிறு மாலை என் அத்தை அதை ஏந்தி ஐம்பது அடி நடப்பதற்குள், மண்ணுக்குள் இருந்த ஈரம் ஆவியாகி, 'படீர்' என்று பக்கவாட்டில் ஒரு துண்டு தெறித்தது. அடியில் மணல் இருந்ததால் தணல் கொட்டவில்லை. அத்தையும் பதறாமல் குனிந்து தரையில் வைத்துவிட்டார். அன்று முதல் எங்கள் வீட்டில் சட்டியை ஈரத்துணியால் கூடத் துடைப்பதில்லை. மஞ்சள் குங்குமத்தையும் வெள்ளிக்கிழமையே பூசிக் காயவிடுகிறோம்.

சட்டியின் அடியில் நன்றாக உலர்ந்த ஆற்றுமணலையோ சாம்பலையோ நான்கு விரல் உயரத்துக்குப் பரப்ப வேண்டும். நெருப்புக்கும் உள்ளங்கைக்கும் இடையே உள்ள முதல் அரண் அதுதான். அதன்மேல் கட்டைவிரல் பருமனுள்ள, பட்டை உரித்த, நன்கு காய்ந்த வேப்பங்குச்சிகளை நெருக்கமாக அடுக்கி, கற்பூரமும் நல்லெண்ணெயில் தோய்த்த திரியும் வைத்துப் பற்றவைக்கலாம். முடிச்சுள்ள விறகும் கொட்டாங்கச்சியும் வெடித்துப் பொறி தெறிக்கும். மண்ணெண்ணெயோ பெட்ரோலோ ஒரு துளியும் சேர்க்கக் கூடாது. முகத்தில் நெருப்பு அடிப்பது பெரும்பாலும் அதனால்தான். சுடர் உயர்ந்து எரிவதுதான் பக்தி என்று சில இளைஞர்கள் நினைக்கிறார்கள். சிவந்த தணலும் முழ உயரச் சுடரும் போதும்.

ஏந்துபவரின் இரு உள்ளங்கைகளிலும் மஞ்சள் நீரில் நனைத்த வேப்பிலைக் கொத்துகளை இரண்டு விரல் கனத்துக்குக் குறையாமல் வைத்து, அதன்மேல் சட்டியை அமர்த்த வேண்டும். மண் மெதுவாகத்தான் சூடேறும். முதல் பத்து நிமிடம் கை சுடாது. அதை நம்பி இலையைக் குறைத்தவர்கள் இருபதாவது நிமிடத்தில் தடுமாறுவார்கள். இலை கறுத்துக் கருகல் மணம் வந்தால், அருகில் வருபவர் உடனே புது ஈரக் கொத்தை மாற்ற வேண்டும். ஈரம் இலையில் இருக்கலாம். ஆனால் சூடான சட்டியின் மேல் தண்ணீர் தெளிக்கக் கூடாது, விரிசல் விடும். பருத்திப் புடவையை ஈரமாக உடுத்தி, முந்தானையை இடுப்பில் இறுக்கிச் செருகி, கூந்தலை முடிந்துகொள்ள வேண்டும். நைலான், பாலியஸ்டர் ஆடை வேண்டாம், அது உருகித் தோலில் ஒட்டும்.

ஆடிக்காற்றில் அம்மியும் பறக்கும் என்பார்கள். தீச்சட்டி ஊர்வலத்தில் அந்தப் பழமொழியை மறக்கவே கூடாது. ஒருவருக்கும் அடுத்தவருக்கும் ஐந்தாறு அடி இடைவெளி வேண்டும். காற்று எதிரே வீசும் தெருவில் சட்டியைத் தாழ்த்தி, உடலை விட்டுத் தள்ளிப் பிடிக்க வேண்டும். வைக்கோற்போரும் கீற்றுப்பந்தலும் உள்ள சந்துகளைத் தவிர்த்து, நடை அரைமணி நேரத்துக்குள் முடியும்படி வழியை அமைக்க வேண்டும். ஒவ்வொருவரின் பின்னாலும் ஒரு குடம் தண்ணீரோடும் நனைத்த சாக்கோடும் ஓர் ஆள் நடக்க வேண்டும். அருள் வந்து ஆடத் தொடங்கினால், அவரைப் பிடிப்பதற்கு முன் சட்டியை வாங்கிவிட வேண்டும். வாங்குபவர் கையிலும் வேப்பிலை இருப்பது அவசியம். தப்பித்தவறி யாருக்காவது சுட்டுவிட்டால், ஓடும் குளிர்ந்த நீரில் இருபது நிமிடம் காட்டிவிட்டு மருத்துவமனைக்கு அழைத்துச் செல்ல வேண்டும். புண்ணின் மேல் மஞ்சளோ மாவோ அப்பக் கூடாது.

கோயிலை அடைந்ததும் சட்டியை ஈரத்தரையில் வைக்காமல், உலர்ந்த மணல் பரப்பி அதன்மேல் இறக்க வேண்டும். பூசாரி கற்பூரம் காட்டிய பிறகு எல்லாச் சட்டிகளின் தணலையும் ஒரே குழியில் கொட்டி, முதலில் பாலும் பிறகு மஞ்சள் நீரும் ஊற்றுவார். மேலே அணைந்தது போலத் தெரியும் தணல் அடியில் விடியும்வரை இருக்கும். குழந்தைகள் ஓடி விளையாடும் இடம் அது. குச்சியால் கிளறி, மீண்டும் நீர் ஊற்றி, புகை முழுவதும் நின்றதைக் கண்ட பிறகே அங்கிருந்து நகர வேண்டும்.

இரவு கும்பம் படையல். அம்மனுக்கு எதிரே சோற்றைக் குவித்து, கீரையும் குழம்பும் வார்த்துப் படைத்து, ஊர் அடங்கிய பிறகு பம்பை ஓயும். மறுநாள் காலை காப்பை அவிழ்த்து வேப்பமரத்தடியில் போட்டு, மஞ்சள் நீர் தெளித்து, கூழ் காய்ச்சிய அண்டாவைப் புளி போட்டுத் தேய்த்துக் கவிழ்த்து வைப்பார்கள்.